தீபாவளிக்குள் ஆப் வர வேண்டும்: நகராத தேதிக்கு ரிலீஸ் திட்டம் போடுவது

இனிப்புக் கடை அண்ணாச்சி ஒருவர் தீபாவளி ஆர்டர்களை ஆன்லைனில் எடுக்க ஒரு மொபைல் ஆப் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஜனங்கள் நவராத்திரியிலிருந்தே விலை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் நவராத்திரி தொடங்கும் செப்டம்பர் 22 அன்று ஆப் திறந்தே ஆக வேண்டும். நவம்பரில் இதைவிட இரண்டு மடங்கு நல்ல ஆப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவருக்குப் பிரயோஜனம் இல்லை.

ஆளைக் கூட்டலாமா என்றால், புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கவே முதல் சில வாரங்கள் போய்விடும். தேதியும் ஆளும் மாறாது என்றால் மாறக்கூடியது ஒன்றுதான் மிச்சம்: ஆப்பில் என்னென்ன இருக்கும் என்ற பட்டியல். எது போனாலும் பரவாயில்லை என்பதை ஆரம்பத்திலேயே வரிசைப்படுத்தி வைத்து, ஒவ்வொரு இரண்டு வார முடிவிலும் அந்த வரிசையின் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கடையும், வேலையின் அளவைக் குறிக்கும் பாயிண்ட் எண்களும் விளக்குவதற்காக நான் வைத்தவை. தேதிகளும் விடுமுறைகளும் 2025 காலண்டரில் இருந்தபடியே.

முதலில் காலண்டர். ஸ்பிரிண்ட் என்பது ஒரு குழு சின்னதாக ஒரு வேலைத் தொகுதியை எடுத்து, முழுசாக முடித்துக் காட்டும் காலம். இங்கே அது இரண்டு வாரம், அதாவது பத்து வேலை நாள். ஜூன் 30 திங்களன்று தொடங்கினால் செப்டம்பர் 19 வெள்ளியோடு ஆறு ஸ்பிரிண்ட் முடிகிறது. ஆனால் ஆறிலும் புதிதாகக் கட்டலாம் என்று கணக்குப் போடக் கூடாது. கடைசி ஸ்பிரிண்டை, அதாவது செப்டம்பர் 8 முதல் 19 வரை, அப்படியே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் நடக்க வேண்டியவை நிறைய. ஒரு கிளையில் நிஜ ஆர்டர் எடுத்துப் பார்ப்பது, ஒரே நேரத்தில் நிறைய பேர் வந்தால் தாங்குகிறதா என்று சோதிப்பது, வெளிப்படும் கோளாறுகளைச் சரிசெய்வது, ப்ளே ஸ்டோரில் ஆப்பைச் சமர்ப்பிப்பது. சமர்ப்பித்த ஆப்பைப் பரிசீலிக்க ஏழு நாள் வரையும், சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. 22ஆம் தேதி திறக்க வேண்டிய ஆப்பை 19ஆம் தேதி அனுப்பினால் நம் கையில் எதுவும் இல்லை.

ஆக, கட்டுவதற்கு ஐந்து ஸ்பிரிண்ட். அதிலும் ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், 27 விநாயகர் சதுர்த்தி, செப்டம்பர் 5 மிலாது நபி என்று மூன்று நாள் போகிறது. 50 நாள் 47 நாள் ஆகிறது.

அடுத்தது வேகம். வேலைகளின் அளவை இத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் ஒன்றோடொன்று ஒப்பிட்டு 3, 5, 8, 13 என்று எண் கொடுப்பார்கள். இதுதான் ஸ்டோரி பாயிண்ட். ‘எஸ்எம்எஸ் அனுப்புவது 3 என்றால், பணம் கட்டும் பகுதி அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும், 8 போடு’ என்கிற மாதிரி. ஒரு ஸ்பிரிண்டில் முழுசாக முடித்த வேலைகளின் பாயிண்டைக் கூட்டினால் வருவது அந்தக் குழுவின் வெலாசிட்டி. பாதி முடிந்த வேலைக்குப் பாதிப் பாயிண்ட் கிடையாது, பூஜ்யம்தான். இதில் கறாராக இருங்கள். ‘90 சதவீதம் முடிந்துவிட்டது’ என்ற பேச்சு கணக்குக்குள் வந்துவிட்டால் பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது.

நம் குழு இதற்கு முன்பு செய்த ஆறு ஸ்பிரிண்டில் 21, 17, 23, 19, 22, 18 பாயிண்ட் முடித்திருக்கிறது. சராசரி 20. ஐந்து ஸ்பிரிண்டுக்கு 100 பாயிண்ட் என்று எழுதி முடித்துவிடலாமே என்று தோன்றும். நான் பார்த்த பெரும்பாலான திட்டங்கள் வழுக்கிய இடம் இதுதான். சராசரி என்றால் கிட்டத்தட்ட பாதித் தடவை அதற்குக் கீழேதான் போகும். சராசரியை வைத்து வாக்குக் கொடுப்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

அதனால் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண் வேண்டும். குறைந்த மூன்று ஸ்பிரிண்டின் சராசரி (17, 18, 19) 18. அதிகமான மூன்றின் சராசரி (21, 22, 23) 22. ஐந்து ஸ்பிரிண்டுக்கு 90 முதல் 110. மூன்று விடுமுறை நாளுக்கு, நாளுக்கு 2 பாயிண்ட் வீதம் 6 கழித்தால் 84 முதல் 104. இந்த இரண்டு எண்ணும் நமக்கு இரண்டு கோடுகள்.

இப்போது பட்டியல். வேலைகளை முக்கியத்துவ வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குகிறோம். இரண்டு வேலைக்கு ஒரே இடம் கிடையாது. இந்த அடுக்குக்குத்தான் பேக்லாக் என்று பெயர். கடைசியில் இருக்கும் எண் மேலிருந்து கூட்டிக்கொண்டு வந்த மொத்தம்.

1. இனிப்பு, கார வகைப் பட்டியலும் விலையும்: 8 (8)
2. கூடையில் போட்டு ஆர்டர் செய்வது: 8 (16)
3. முகவரி, பின்கோடு, எந்த ஏரியாவுக்கு டெலிவரி: 5 (21)
4. கடை ஆட்கள் ஆர்டரைப் பார்க்கும் திரை: 8 (29)
5. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற சரக்கு வரம்பு: 5 (34)
6. யூபிஐ, கார்டில் பணம் கட்டுவது: 8 (42)
7. ஜிஎஸ்டி பில்: 5 (47)
8. ஆர்டர் கிடைத்தது என்று எஸ்எம்எஸ்: 3 (50)
9. கடைக்கே வந்து வாங்கிக்கொள்வது: 8 (58)
10. டெலிவரி தேதியைத் தேர்ந்தெடுப்பது: 5 (63)
11. கம்பெனிகளின் மொத்த ஆர்டர்: 13 (76)
12. தள்ளுபடி கூப்பன்: 5 (81)
13. ஆர்டர் எங்கே வருகிறது என்று பார்ப்பது: 8 (89)
14. வாடிக்கையாளரே அடுக்கும் பரிசுப் பெட்டி: 13 (102)
15. போன வருட ஆர்டரை மறுபடி போடுவது: 3 (105)

அதற்குக் கீழே ஸ்டார் மதிப்பீடு, பாயிண்ட் சேர்த்துப் பரிசு வாங்குவது என்று இன்னும் இருக்கிறது.

முதல் எட்டும் ‘இல்லாமல் முடியாது’ வகை. இப்படிப் பிரிப்பதற்கு மாஸ்கோ முறை என்று பெயர். 1994இல் டாய் கிளெக் என்பவர் கொண்டுவந்தது. கட்டாயம் வேண்டியது, இருக்க வேண்டியது, இருந்தால் நல்லது, இந்தத் தடவை இல்லை என்று நான்கு கூடை. இந்த முறையைப் பயன்படுத்துபவர்கள் ஒரு வரம்பு சொல்வார்கள்: கட்டாயக் கூடை மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் பட்டியலில் கட்டாயம் 50, கீழ்க்கோடு 84, ஆக கிட்டத்தட்ட 60 சதவீதம். வேலை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகும்போது விட்டுக்கொடுக்க மீதி 40 சதவீதம் இருக்கிறது. எல்லாமே கட்டாயம் என்றால் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. அப்போது யாருக்கும் சொல்லாமல் சோதனைதான் வெட்டுப்படும்.

அண்ணாச்சியிடம் பட்டியலைக் காட்டினால் முதலில் எல்லாவற்றையும் கட்டாயம் என்றுதான் சொல்வார். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். “அண்ணாச்சி, 22ஆம் தேதி காலையில் எல்லாம் தயார், கூப்பன் மட்டும் இல்லை. ஆப்பைத் திறப்பீங்களா, திறக்க வேண்டாம்னு சொல்வீங்களா?” திறப்பேன் என்றால் அது கட்டாயம் இல்லை. சரக்கு வரம்பை வைத்து இதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். கடையின் அடுப்பில் ஒரு நாளைக்கு 300 கிலோ லட்டுதான் பிடிக்க முடியும். ஆப் 500 கிலோவுக்குப் பணம் வாங்கிவிட்டால் தீபாவளிக்கு முந்தின நாள் கடை வாசலில் சண்டைதான் நடக்கும். பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் அந்த 5 பாயிண்ட் வேலை அதனால்தான் கட்டாயக் கூடையில் இருக்கிறது.

இனி இரண்டு கோடுகளையும் பட்டியலின் மேல் போடுவோம். 84 என்ற கோடு கூப்பனுக்குக் கீழே, ஆர்டர் எங்கே வருகிறது என்ற வேலையின் நடுவில் விழுகிறது. 104 பரிசுப் பெட்டிக்குக் கீழே விழுகிறது. ஆக, கூப்பன் வரை வரும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். 13, 14 வரலாம், வராமலும் போகலாம். 15இலிருந்து கீழே எதுவும் தீபாவளிக்கு முன் கிடையாது. இந்த மூன்று வாக்கியத்தையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஜூலையில் கேட்டால் அது திட்டம், செப்டம்பரில் கேட்டால் அது கெட்ட செய்தி.

அண்ணாச்சிக்கு முகம் மாறுகிறது. பரிசுப் பெட்டிதான் அவருக்கு ஆசை. இந்த இடத்தில் வரிசையை மட்டும் மாற்றி 13 பாயிண்டை மேலே தூக்கினால் வேறு ஏதோ ஒன்று கோட்டுக்குக் கீழே போய்விடும். அதைவிட நல்ல வழி வேலையைப் பிளப்பது. வாடிக்கையாளரே எட்டு இனிப்பைத் தேர்ந்தெடுத்துப் பெட்டியில் அடுக்குவது, எடை பார்த்து விலை மாறுவது, பெட்டி நிறைந்துவிட்டால் தடுப்பது, இதுதான் 13. ஆனால் கடையே அடுக்கிய மூன்று பெட்டி, மூன்று விலை என்றால் அது பட்டியலில் இன்னும் மூன்று பொருள்தான், படமும் விவரமும் சேர்த்து 3 பாயிண்ட். அண்ணாச்சிக்கு வேண்டியது பெட்டி விற்பது. யார் அடுக்குகிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். எனவே தயார் பெட்டி 3 பாயிண்டோடு 10க்கு அடுத்து ஏறுகிறது (66). கம்பெனி ஆர்டர் 79 ஆகிறது, கூப்பன் 84 ஆகிறது, சரியாகக் கோட்டின் மேல். ஆர்டர் எங்கே வருகிறது என்பது 92. மீதிப் பெட்டி வேலை 10 பாயிண்டோடு 102இல் நிற்கிறது. பட்டியலை வெட்டும் வேலையில் பாதி இப்படி வேலைகளைப் பிளப்பதில்தான் இருக்கிறது என்பேன்.

இன்னொரு விஷயம், பாயிண்டில் வராதது. பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனம் கடையின் பான், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாம் வாங்கிச் சரிபார்க்கும். எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். இவற்றில் நம் குழுவின் உழைப்பு சொற்பம், காத்திருப்பு அதிகம். நிரல் எழுதுவது மூன்றாம் ஸ்பிரிண்டில் என்றாலும் இந்த விண்ணப்பங்கள் முதல் வாரத்திலேயே போக வேண்டும். எழுதி முடித்த பிறகு விண்ணப்பித்தால் கட்டாயப் பட்டியலில் இருக்கும் இரண்டு வேலை யாரோ ஒருவரின் மேசையில் தூங்கும்.

சரி, வேலை தொடங்குகிறது. முதல் ஸ்பிரிண்டில் பொருள் பட்டியலும் கூடையும், 16 பாயிண்ட். இரண்டாவதில் முகவரி, கடைத் திரை, சரக்கு வரம்பு, 18. மூன்றாவதில் பணம், பில், எஸ்எம்எஸ், கூடவே மிச்ச இடத்தில் பொருந்திய தயார் பெட்டி, 19. ஆகஸ்ட் 8 அன்று மொத்தம் 53. கட்டாயம் வேண்டிய எட்டும் முடிந்துவிட்டன. ஐந்தில் மூன்று ஸ்பிரிண்ட் போனபோது கட்டாயக் கூடை காலியாகியிருப்பதுதான் இந்த வரிசையால் கிடைக்கும் பெரிய ஆறுதல். சுவாரசியமான வேலையை முதலில் எடுத்திருந்தால் இந்த நேரத்தில் அழகான பரிசுப் பெட்டி இருக்கும், பணம் கட்ட வழி இருக்காது.

ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் கோடுகளை மறுபடி போட வேண்டும். கணக்கு இதுதான்: முடிந்தது, அதோடு மீதி ஸ்பிரிண்டுகளை வேகத்தால் பெருக்கியது, அதில் விடுமுறையைக் கழிப்பது. வேகத்துக்கு எப்போதும் கடைசி ஆறு ஸ்பிரிண்டையே எடுக்கிறோம். இப்போது அவை 19, 22, 18, 16, 18, 19. குறைந்த மூன்றின் சராசரி 17க்குக் கொஞ்சம் மேல், அதிகமான மூன்றின் சராசரி 20. மீதி இரண்டு ஸ்பிரிண்ட், அந்த மூன்று விடுமுறையும் இதில்தான் வருகிறது. கீழ்க்கோடு சுமார் 82, மேல்கோடு 87.

ஜூலையில் 84க்கும் 104க்கும் நடுவே இருந்த இடைவெளி இப்போது 82க்கும் 87க்கும் நடுவே சுருங்கிவிட்டது. தேதி நெருங்க நெருங்க இப்படித்தான் ஆகும், ஆக வேண்டும். ஐந்தாம் ஸ்பிரிண்ட் வரை இடைவெளி சுருங்கவே இல்லை என்றால் குழுவின் வேகம் தாறுமாறாக ஏறி இறங்குகிறது, அதற்கு என்ன காரணம் என்று பார்க்க வேண்டும். இங்கே 92இல் இருக்கும் ‘ஆர்டர் எங்கே வருகிறது’ மேல்கோட்டுக்கும் அப்பால் போய்விட்டது. அதை அன்றைக்கே எடுத்துவிடுகிறோம். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை என்பதால் வலிக்காமல் வந்துவிடுகிறது. பாதி கட்டியிருந்தால் அந்தப் பாதியை மறைக்க ஒரு வேலை, அதனால் மற்றவை உடைந்ததா என்று பார்க்க ஒரு வேலை என்று வெட்டுவதற்கே பாயிண்ட் செலவாகியிருக்கும். வரிசை மாறாமல் மேலிருந்து ஒவ்வொன்றாக முடிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

நான்காம் ஸ்பிரிண்டில் கடைக்கு வந்து வாங்குவதும் டெலிவரி தேதியும் மட்டும் முடிகிறது, 13 பாயிண்ட். மொத்தம் 66. ஐந்தாவதில் எட்டு வேலை நாள். பழைய கணக்கையே வைத்து விடுமுறையைக் கழித்தால் 13 முதல் 16, அதாவது 79 முதல் 82. கூப்பன் 84, எனவே அதுவும் வெளியே. கவனித்தீர்களா, ஜூலையில் தைரியமாகச் சொன்ன 84ஐ நாம் எட்டவில்லை. கீழ்க்கோடு என்பது உத்தரவாதம் அல்ல, அதற்குக் கீழே போகவும் வாய்ப்பு உண்டு. போனபோது இழந்தது கூப்பன்தான், பில் அல்ல. ஆகஸ்ட் 22 மாலையே இதை அண்ணாச்சியிடம் சொல்கிறோம். அவர் கூப்பனுக்கென்று நோட்டீஸ் அச்சடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மிச்சம் கம்பெனி ஆர்டர், 13. அதையும் பிளக்கிறோம்: கம்பெனி எத்தனை பெட்டி வேண்டும் என்று அனுப்பும் படிவம் 5, கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட பில் 5, ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி விலை காட்டும் லாகின் 3. இந்த வரிசையிலேயே கட்டத் தொடங்குகிறோம்.

இந்த நடுவில்தான் செப்டம்பர் 3 வருகிறது. அன்று ஜிஎஸ்டி கவுன்சில் வரி வீதங்களை மாற்றியது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் மிக்சர் போன்ற கார வகைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. அமலுக்கு வந்த நாள் செப்டம்பர் 22, நம் ஆப் திறக்கும் அதே நாள். ஆறாம் ஸ்பிரிண்டில் ஒரு கிளையில் நிஜ ஆர்டர் எடுத்துப் பார்க்கப்போகிறோம், அந்த பில்கள் பழைய வீதத்தில் இருக்க வேண்டும். 22 முதல் புது வீதம். ஆகவே தேதியைப் பார்த்து வீதம் மாறும் வசதி தேவை. குழு பார்த்துவிட்டு 3 பாயிண்ட் என்கிறது. தப்பான வரியோடு பில் போட முடியாது, எனவே இது கட்டாயம்.

திட்டமே இல்லாத இடத்தில் இது வந்திருந்தால் இரண்டு ராத்திரி கண் விழித்து ‘எப்படியாவது சேர்த்துவிடலாம்’ என்றிருப்பார்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. 3 உள்ளே வந்தால் அடியிலிருந்து எந்த 3 வெளியே போகிறது? தனி விலை லாகின். “தெரிஞ்ச கம்பெனிக்காரங்க எப்படியும் போன்லதான் விலை பேசுவாங்க, அது இப்ப வேண்டாம்” என்று அண்ணாச்சியே சொல்லிவிடுகிறார். ஐந்தாம் ஸ்பிரிண்ட் 13 பாயிண்டோடு, மொத்தம் 79இல் முடிகிறது.

ஆறாம் ஸ்பிரிண்டில் ஒன்றை மட்டும் காப்பாற்ற வேண்டும்: அதன் காலி இடத்தை. ‘இரண்டு வாரம் இருக்கிறதே, கூப்பனைப் போட்டுவிடலாமே’ என்று யாராவது கேட்பார்கள். போட்டால், கூடையின் மொத்தத் தொகையைக் கணக்கிடும் இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். சோதித்து முடித்த பில், வரி, பணம் மூன்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். அந்த வாரத்தில் கிளையில் ஒத்திகை பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியவரும். கால் கிலோ நான்கு தடவை போட்டதும் ஒரு கிலோ ஒரு தடவை போட்டதும் சரக்கு வரம்பில் ஒரே மாதிரி கழிகிறதா, பணம் போய்விட்டது ஆனால் நெட் கட் ஆனதால் ஆர்டர் பதிவாகவில்லை என்றால் என்ன ஆகிறது என்பது போல. இவற்றைச் சரிசெய்யத்தான் அந்த இடம்.

வெட்டியவை எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். தீபாவளி முடிந்ததும் அதை அப்படியே எடுத்துக் கட்டத் தொடங்க வேண்டாம். கடை போனுக்கு ‘என் ஆர்டர் எங்கே’ என்று எத்தனை அழைப்பு வந்தது, தயார் பெட்டி வாங்கியவர்களில் எத்தனை பேர் உள்ளே இனிப்பை மாற்றித் தரச் சொன்னார்கள் என்று கடை ஆட்களிடம் கேட்டுவிட்டு, வரிசையைப் புதிதாகப் போட வேண்டும். ஜூலையில் கூப்பனுக்குக் கீழே இருந்த ஒன்று நவம்பரில் முதல் இடத்துக்கு வரலாம். அண்ணாச்சி அவ்வளவு ஆசைப்பட்ட அந்த அடுக்கும் பெட்டியை யாருமே கேட்கவில்லை என்றும் தெரியவரலாம்.